சதவீதத்தைப் பாகையாக்கல்: வட்ட வரைபின் ஆரைச்சிறைக் கோணங்கள்



வட்ட வரைபு பற்றிய வினாவில் பெரும்பாலும் ஒரு சதவீதப் பட்டியல் தரப்படும். அதிலுள்ள ஒவ்வொரு சதவீதத்திற்கும் உரிய மையக்கோணத்தைக் கணித்து, வட்டத்தை ஆரைச்சிறைகளாகப் பிரித்துக் காட்டும்படி கேட்கப்படும். சூத்திரம் ஒரே வரிதான். ஆயினும் பலர் விடைத்தாளில் கோணங்களைச் சரியாகப் பெருக்கியபின் கூட்டிப் பார்க்கும்போது 359° அல்லது 361° வருவதைக் கண்டு திகைத்து, ஏதாவது ஒரு கோணத்தை மனம்போனபடி மாற்றிவிடுகின்றனர். அந்த ஒரு பாகை எங்கிருந்து வருகின்றது, அதை எந்த ஆரைச்சிறையில் சரிசெய்வது என்பதை இப்பாடத்தில் ஒழுங்காகப் பார்ப்போம்.

இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் தரவு எமது மாகாணத்தினுடையது. வடமாகாணத்தின் குடித்தொகை மாவட்டங்களுக்கிடையே எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளது என்பதை 2012 ஆம் ஆண்டுத் தொகைமதிப்பிலிருந்து முதலில் வரைவோம். பின்னர் 1981 ஆம் ஆண்டுத் தொகைமதிப்பிலிருந்து இன்னொரு வட்டம் வரைந்து, இரண்டையும் ஒப்பிடுவோம்.

1. ஏன் 3.6 ஆல் பெருக்குகின்றோம்?

ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள கோணம் 360° ஆகும். வட்ட வரைபில் முழுத் தரவும் முழு வட்டத்தால் குறிக்கப்படும். முழுத் தரவு என்பது 100%. ஆகவே 100% ஐ 360° குறிக்கின்றது.

100% → 360°
1% → 360° ÷ 100 = 3.6°

எனவே,

ஆரைச்சிறைக் கோணம் = சதவீதம் × 3.6°

சில சதவீதங்களின் கோணங்களை மனத்தில் வைத்திருப்பது நல்லது. 50% என்பது அரைவட்டம், 180°. 25% என்பது கால்வட்டம், 90°. 10% என்பது 36°. 5% என்பது 18°. இவை தெரிந்திருந்தால் கணித்த விடை நம்பத்தக்கதா என்று உடனே பார்க்கலாம். உதாரணமாக 16% என்பது 10% இலும் கூடியது, 25% இலும் குறைந்தது. ஆகவே அதன் கோணம் 36° இற்கும் 90° இற்கும் இடையில் இருக்கவேண்டும். அதற்கு வெளியே ஒரு விடை வந்தால் பெருக்கலில் தவறு உண்டு.

கணிப்பான் இல்லாமல் 3.6 ஆல் பெருக்க ஓர் இலகுவழி உண்டு. 3.6 என்பது 4 இலிருந்து 0.4 ஐக் கழித்தால் வருவது. 0.4 என்பது 4 இன் பத்திலொரு பங்கு. ஆகவே சதவீதத்தை 4 ஆல் பெருக்குங்கள். வந்த விடையின் பத்திலொரு பங்கை அதிலிருந்தே கழியுங்கள்.

உதாரணமாக 16.2% ஐ எடுத்தால்,

16.2 × 4 = 64.8
64.8 இன் பத்திலொரு பங்கு = 6.48
64.8 − 6.48 = 58.32

ஆகவே கோணம் 58.32° ஆகும்.

இங்கே மாணவர்கள் விடும் தவறுகள் இரண்டு வகையானவை. சிலர் சதவீதத்தையே பாகையாகக் கொண்டு 55% இற்கு 55° வரைந்துவிடுவர். அவ்வாறு செய்தால் எல்லா ஆரைச்சிறைகளையும் வரைந்து முடிந்த பின்னும் வட்டத்தில் 260° வெறுமையாக இருக்கும். வேறு சிலர் 3.6 ஐ 4 என்று மட்டந்தட்டிப் பெருக்குவர். அப்போது மொத்தம் 400° வந்து, கடைசி ஆரைச்சிறைக்கு இடமிராது. 3.6 ஐ ஒருபோதும் மட்டந்தட்டக்கூடாது. அது அண்ணளவான எண் அன்று, சரியான எண்.

2. உதாரணம் 1: வடமாகாணம், 2012

2012 ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின்படி வடமாகாணத்தின் மொத்தக் குடித்தொகை 1,061,315. அது ஐந்து மாவட்டங்களுக்கும் பின்வருமாறு பங்கிடப்பட்டிருந்தது.

| மாவட்டம் | குடித்தொகை | சதவீதம் |
|---|---|---|
| யாழ்ப்பாணம் | 583,882 | 55.0 |
| வவுனியா | 172,115 | 16.2 |
| கிளிநொச்சி | 113,510 | 10.7 |
| மன்னார் | 99,570 | 9.4 |
| முல்லைத்தீவு | 92,238 | 8.7 |
| மொத்தம் | 1,061,315 | 100.0 |

படிமுறை 1: முதலில் சதவீதங்களைக் கூட்டிப் பாருங்கள். 55.0 + 16.2 + 10.7 + 9.4 + 8.7 = 100.0. மொத்தம் 100 ஆக இருப்பதால் மேலே செல்லலாம். இந்தப் படியைத் தவிர்க்கக்கூடாது. தவிர்த்தால் என்ன நிகழும் என்பதை இரண்டாம் உதாரணத்தில் காண்பீர்கள்.

படிமுறை 2: ஒவ்வொன்றையும் 3.6 ஆல் பெருக்கி, தசமத்துடனேயே எழுதுங்கள். இந்த நிலையில் மட்டந்தட்ட வேண்டாம்.

யாழ்ப்பாணம்: 55.0 × 3.6 = 198.00°
வவுனியா: 16.2 × 3.6 = 58.32°
கிளிநொச்சி: 10.7 × 3.6 = 38.52°
மன்னார்: 9.4 × 3.6 = 33.84°
முல்லைத்தீவு: 8.7 × 3.6 = 31.32°

படிமுறை 3: இவற்றைக் கூட்டுங்கள். மொத்தம் 360.00° வருகின்றது. ஆகவே பெருக்கலில் தவறில்லை.

படிமுறை 4: இப்போது ஒவ்வொரு கோணத்தையும் கிட்டிய பாகைக்கு மட்டந்தட்டுங்கள்.

198°, 58°, 39°, 34°, 31°

படிமுறை 5: மட்டந்தட்டிய கோணங்களையும் கூட்டுங்கள். 198 + 58 + 39 + 34 + 31 = 360. வரைவதற்கு ஆயத்தம்.

ஏன் கிட்டிய பாகைக்கு மட்டந்தட்டினால் போதும்? 5 cm ஆரையுள்ள வட்டத்தின் பரிதி ஏறத்தாழ 31.4 cm. அதை 360 ஆல் வகுத்தால் ஒரு பாகைக்குப் பரிதியில் 0.087 cm, அதாவது ஒரு மில்லிமீற்றரிலும் சற்றுக் குறைவு. கூர்மையான பென்சில் கோட்டின் தடிப்பே அதில் பெரும் பங்கு. ஆகவே 58.32° என்று கணித்தாலும் தாளில் 58° இற்கு மேல் நுணுக்கமாகக் குறிக்க முடியாது.

ஆனால் மட்டந்தட்டலைக் கடைசியில்தான் செய்யவேண்டும். முன்கூட்டியே செய்தால் தரவின் உண்மை மாறிவிடும். மேலேயுள்ள சதவீதங்களை முதலிலேயே முழுவெண்ணாக்கினால் 55, 16, 11, 9, 9 என வரும். மொத்தம் 100 தான். பார்வைக்குத் தவறு தெரியாது. ஆனால் மன்னாரும் முல்லைத்தீவும் 9% என ஒன்றாகிவிட்டன. இரண்டிற்கும் 32.4° வரும். வரைபைப் பார்ப்பவர் இரு மாவட்டங்களிலும் ஒரே அளவு மக்கள் வாழ்ந்தனர் என்றே எண்ணுவார். உண்மையில் முல்லைத்தீவிலும் பார்க்க மன்னாரில் 7,332 பேர் கூடுதலாக இருந்தனர். ஒரு தசமதானத்தை விட்டுவிட்டதால் மறைந்தவர்கள் அத்தனை பேர்.

3. வட்டத்தை வரைதல்

கவராயத்தால் 5 cm ஆரையுள்ள வட்டம் ஒன்றை வரைந்து, மையத்தை O எனக் குறியுங்கள். மையத்திலிருந்து நேர்மேலே OA என்ற ஆரையை வரையுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. யாழ்ப்பாணத்தின் கோணம் 198°. அது பின்வளைகோணம். உங்கள் பெட்டியிலுள்ள அரைவட்டப் பாகைமானி 180° வரைதான் காட்டும். 198° ஐ முதலில் வரைய முயல்பவர்கள் தடுமாறி, பாகைமானியின் மறு அளவிடையை வாசித்து 162° ஐ வரைந்துவிடுவதுண்டு. அப்போது மாகாணத்தின் பாதிக்கும் மேற்பட்ட மக்களைக் குறிக்கவேண்டிய ஆரைச்சிறை அரைவட்டத்திலும் சிறிதாகத் தெரியும். 55% என்பது பாதியிலும் கூடியது என்பதை நினைத்துப் பார்த்தாலே தவறு பிடிபடும்.

இதைத் தவிர்க்க, 180° இலும் கூடிய ஆரைச்சிறையைக் கடைசிக்கு விடுங்கள். ஏனையவற்றை ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு செல்லுங்கள்.

வவுனியா: 58°
கிளிநொச்சி வரை: 58° + 39° = 97°
மன்னார் வரை: 97° + 34° = 131°
முல்லைத்தீவு வரை: 131° + 31° = 162°

நான்கு எண்களும் 180° இலும் குறைவானவை. எனவே பாகைமானியை ஒரே தடவை வைத்து நான்கு அடையாளங்களையும் இடலாம். பாகைமானியின் நேர்விளிம்பை OA மீதும், அதன் நடுப்புள்ளியை O மீதும், வளைந்த பக்கம் வலப்புறம் இருக்கும்படியும் வையுங்கள். பாகைமானியில் இரண்டு அளவிடைகள் உண்டு. A இருக்கும் பக்கத்தில் எந்த அளவிடை 0 இல் தொடங்குகின்றதோ அதையே கடைசிவரை வாசியுங்கள். 58, 97, 131, 162 ஆகிய இடங்களில் புள்ளியிட்டு, O உடன் இணையுங்கள். மீதியாக இருப்பது 360° − 162° = 198°. அது யாழ்ப்பாணம். அதைத் தனியாக அளக்கவேண்டிய தேவையே இல்லை.

இம்முறையில் இன்னொரு நன்மை உண்டு. ஒவ்வோர் ஆரைச்சிறைக்கும் பாகைமானியை எடுத்து எடுத்து வைத்தால், ஒவ்வொரு முறையும் அரைப் பாகை பிழைத்தாலும் அவை யாவும் சேர்ந்து கடைசி ஆரைச்சிறையில் இரண்டு பாகைப் பிழையாகிவிடும். ஒரே தடவை வைத்துக் குறிக்கும்போது ஒன்றின் பிழை அடுத்ததற்குக் கடத்தப்படுவதில்லை.

வரைந்தபின் ஒவ்வோர் ஆரைச்சிறையினுள்ளும் மாவட்டத்தின் பெயரையும் கோணத்தையும் எழுதுங்கள். வரைபுக்குத் தலைப்பிடுங்கள். தலைப்பில் இடமும் ஆண்டும் இருக்கவேண்டும்: "வடமாகாணக் குடித்தொகைப் பரம்பல், 2012".

4. உதாரணம் 2: அதே மாகாணம், 1981

2012 இற்கு முன் வடமாகாணம் முழுவதிலும் தொகைமதிப்பு நடந்தது 1981 இல் ஆகும். 2001 ஆம் ஆண்டுத் தொகைமதிப்பைப் போர் காரணமாக வடக்கில் முழுமையாக நடத்த முடியவில்லை. 1981 இல் கிளிநொச்சி தனி மாவட்டமாக இருக்கவில்லை. அது யாழ்ப்பாண மாவட்டத்தினுள் அடங்கியிருந்தது. 1984 இலேயே தனி மாவட்டமாக்கப்பட்டது. ஆகவே அட்டவணையில் நான்கு மாவட்டங்களே உள்ளன.

| மாவட்டம் | குடித்தொகை | சதவீதம் |
|---|---|---|
| யாழ்ப்பாணம் (கிளிநொச்சி உட்பட) | 830,552 | 74.9 |
| மன்னார் | 106,235 | 9.6 |
| வவுனியா | 95,428 | 8.6 |
| முல்லைத்தீவு | 77,189 | 7.0 |
| மொத்தம் | 1,109,404 | |

படிமுறை 1 ஐச் செய்யுங்கள். 74.9 + 9.6 + 8.6 + 7.0 = 100.1. மொத்தம் 100 இலும் 0.1 கூடிவிட்டது. எந்தச் சதவீதமும் தவறாகக் கணிக்கப்படவில்லை. ஒவ்வொன்றும் ஒரு தசமதானத்திற்குச் சரியாகவே மட்டந்தட்டப்பட்டுள்ளது. உதாரணமாக முல்லைத்தீவின் சதவீதம் 6.958 ஆகும். அது 7.0 ஆகிவிட்டது. மன்னார் 9.576 ஆகும். அது 9.6 ஆகிவிட்டது. இங்கே கூட்டப்பட்ட சிறு அளவுகள், வேறிடத்தில் குறைக்கப்பட்டவற்றிலும் கூடிவிட்டன.

இதைக் கவனியாமல் பெருக்கினால் என்ன வரும்?

யாழ்ப்பாணம்: 74.9 × 3.6 = 269.64°
மன்னார்: 9.6 × 3.6 = 34.56°
வவுனியா: 8.6 × 3.6 = 30.96°
முல்லைத்தீவு: 7.0 × 3.6 = 25.20°
மொத்தம் = 360.36°

மேலதிகமாக வந்த 0.36° என்பது 0.1 × 3.6 தான். இவற்றைக் கிட்டிய பாகைக்கு மட்டந்தட்டினால் 270°, 35°, 31°, 25° வரும். கூட்டுத்தொகை 361°. ஒரு பாகை கூடிவிட்டது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது வழி, எண்ணிக்கைகள் தரப்பட்டிருந்தால் சதவீதத்தை இடையில் கொண்டுவராமல் நேரே கோணத்தைக் கணித்தல்.

கோணம் = (மாவட்டத்தின் குடித்தொகை ÷ மொத்தக் குடித்தொகை) × 360°

இவ்வாறு கணித்தால் யாழ்ப்பாணம் 269.51°, மன்னார் 34.47°, வவுனியா 30.97°, முல்லைத்தீவு 25.05° என வரும். மட்டந்தட்டினால் 270°, 34°, 31°, 25°. மொத்தம் 360°. பிழை எங்கிருந்தது என்பது இப்போது தெளிவாகின்றது. மன்னாரின் உண்மையான கோணம் 34.47°. சதவீதத்தை மட்டந்தட்டியதால் அது 34.56° ஆகி, அரைப் பாகையைத் தாண்டி, 35° ஆகிவிட்டது.

இரண்டாவது வழி, சதவீதங்கள் மாத்திரமே தரப்பட்டிருக்கும்போது பயன்படுவது. மொத்தம் 361° வந்தால் ஒரு பாகையைக் குறைக்கவேண்டும். எதிலிருந்து? மட்டந்தட்டும்போது மேல்நோக்கிக் கூடுதலாக உயர்த்தப்பட்ட கோணத்திலிருந்து.

269.64 → 270: உயர்வு 0.36
34.56 → 35: உயர்வு 0.44
30.96 → 31: உயர்வு 0.04
25.20 → 25: உயர்வு இல்லை

மிகக் கூடிய உயர்வு மன்னாருக்கு. ஆகவே அதை 34° ஆக்குங்கள். எண்ணிக்கைகளிலிருந்து பெற்ற விடையும் இதுவே. மொத்தம் 359° வந்தால் இதன் மறுதலையைச் செய்யுங்கள். மட்டந்தட்டும்போது கீழ்நோக்கி மிகக் கூடுதலாகக் குறைக்கப்பட்ட கோணத்திற்கு ஒரு பாகையைக் கூட்டுங்கள்.

மாற்றம் செய்தால் அதை விடைத்தாளில் காட்டுங்கள். தசமக் கோணங்களின் நிரலும், மட்டந்தட்டிய கோணங்களின் நிரலும் அருகருகே இருந்தால், 34.56 எப்படி 34 ஆனது என்று விடைத்தாள் திருத்துபவர் விளங்கிக்கொள்வார். இல்லாவிடில் அது கணிப்புத் தவறாகவே தோன்றும்.

எவ்வளவு வித்தியாசம் வரை இப்படிச் சரிசெய்யலாம்? நான்கைந்து ஆரைச்சிறைகள் உள்ள வரைபில் மட்டந்தட்டலால் ஒன்று அல்லது மிஞ்சினால் இரண்டு பாகைதான் மாறும். கூட்டுத்தொகை 350° அல்லது 372° என வந்தால் அது மட்டந்தட்டலின் விளைவு அன்று. பெருக்கலில் தவறு உண்டு. படிமுறை 2 இற்குத் திரும்பிச் செல்லுங்கள்.

இந்த வட்டத்தை வரைவதும் இலகு. மன்னார் 34°, வவுனியா வரை 65°, முல்லைத்தீவு வரை 90°. மீதி 270° யாழ்ப்பாணம். மூன்று சிறிய மாவட்டங்களும் சேர்ந்து சரியாக ஒரு செங்கோணமாக வருவதால், மூலைமட்டத்தை வைத்தே வரைந்ததைச் சரிபார்க்கலாம்.

5. இரண்டு வட்டங்களையும் ஒப்பிடல்: கோணம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

இப்போது இரண்டு வரைபுகளிலும் மன்னாரைப் பாருங்கள். 1981 இல் 34°. 2012 இலும் 34°. "முப்பத்தொரு ஆண்டுகளில் மன்னாரின் குடித்தொகை மாறவில்லை" என்று ஒரு மாணவர் எழுதினால் அது சரியா?

தவறு. 1981 இல் மன்னாரில் 106,235 பேர் இருந்தனர். 2012 இல் 99,570 பேர். 6,665 பேர் குறைவு. ஆனால் மாகாணத்தின் மொத்தமும் 1,109,404 இலிருந்து 1,061,315 ஆகக் குறைந்துவிட்டது. மன்னார் குறைந்த அளவும் மாகாணம் குறைந்த அளவும் ஏறத்தாழ ஒத்துப்போனதால், பங்கு பெரிதாக மாறவில்லை. கோணம் காட்டுவது பங்கைத்தான், எண்ணிக்கையை அன்று.

எண்ணிக்கை வேண்டுமானால் ஒரு பாகை எத்தனை பேரைக் குறிக்கின்றது என்று காணவேண்டும்.

1981: 1,109,404 ÷ 360 ≈ 3,082 பேர்
2012: 1,061,315 ÷ 360 ≈ 2,948 பேர்

முதல் வட்டத்தின் ஒரு பாகையும் இரண்டாம் வட்டத்தின் ஒரு பாகையும் சமனானவை அல்ல. ஆகவே இரண்டு வட்ட வரைபுகளின் கோணங்களை ஒப்பிட்டு "கூடியது", "குறைந்தது" என்று எழுதும்போது "பங்கு கூடியது", "பங்கு குறைந்தது" என்றே எழுதுங்கள். மொத்தங்கள் தரப்பட்டிருந்தால் மாத்திரமே எண்ணிக்கையைப் பற்றிப் பேசலாம்.

கோணத்திலிருந்து எண்ணிக்கையைக் காணும்போதும் அது அண்ணளவானது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். 2012 வரைபில் முல்லைத்தீவு 31°. இதிலிருந்து மீளக் கணித்தால்,

(31 ÷ 360) × 1,061,315 ≈ 91,391

உண்மையான எண்ணிக்கை 92,238. வித்தியாசம் 847 பேர். மட்டந்தட்டலில் நாம் விட்ட பாகையின் சிறு பின்னத்திற்குள் இருந்தவர்கள் இவர்கள். பரீட்சையில் "வரைபின்படி" என்று கேட்டால் 91,391 சரியான விடையே. ஆனால் அது தொகைமதிப்பின் எண் அன்று.

இனி முல்லைத்தீவின் ஆரைச்சிறையையே பாருங்கள். 1981 இல் 25°, 2012 இல் 31°. பங்கு கூடியுள்ளது. மொத்தங்கள் எமக்குத் தெரிந்திருப்பதால் எண்ணிக்கையும் 77,189 இலிருந்து 92,238 ஆகக் கூடியது என்று சொல்லலாம். இதற்கு மேல் இந்த இரண்டு வட்டங்களும் எதையும் சொல்லமாட்டா. மாவட்டத்தின் தென் எல்லையில், களப்பின் ஓரத்திலுள்ள கொக்கிளாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1984 இன் இறுதியில் அவ்வூர்த் தமிழ் மக்கள் இடம்பெயர்ந்தனர். போர் முடிந்த பின்னரே ஊர் திரும்ப முடிந்தது. 25° இலிருந்து 31° ஆன கோணத்தைப் பார்த்து "மக்கள் அமைதியாகப் பெருகினர்" என்று ஒருவர் விளக்கம் எழுதினால், தரவு அவரை மறுக்காது. ஆனால் நடந்தது அதுவன்று. வட்ட வரைபு இரண்டு நாள்களில் எடுத்த இரண்டு படங்களைப் போன்றது. இடையில் யார் வெளியேறினார், யார் திரும்பினார், யார் வேறிடத்திலிருந்து வந்தார் என்பது அதில் இல்லை. ஆகவே "வரைபிலிருந்து நீர் பெறும் முடிவு யாது?" என்ற வினாவுக்கு வரைபில் உள்ளதை மட்டும் எழுதுங்கள். காரணத்தைக் கேட்டால், அதற்கு வரலாற்றிலிருந்து வேறு சான்று காட்டவேண்டும்.

6. பயிற்சி

1) 2012 ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின்படி இலங்கை மக்களின் சமயவாரியான சதவீதம் வருமாறு: பௌத்தர் 70.10, இந்துக்கள் 12.58, இசுலாமியர் 9.66, கிறித்தவர் (கத்தோலிக்கர் உட்பட) 7.62, ஏனையோர் 0.03.

(அ) சதவீதங்களின் கூட்டுத்தொகையைக் காண்க.
(ஆ) ஒவ்வொன்றுக்கும் உரிய ஆரைச்சிறைக் கோணத்தைத் தசமத்துடன் காண்க.
(இ) கிட்டிய பாகைக்கு மட்டந்தட்டிக் கூட்டுக. தேவையாயின் சரிசெய்க.
(ஈ) ஏனையோரை வரைபில் எவ்வாறு காட்டுவீர்?

2) உதாரணம் 1 இன் வட்டத்தில் யாழ்ப்பாணத்தையும் கிளிநொச்சியையும் ஓர் ஆரைச்சிறையாக இணைத்தால் அதன் கோணம் யாது? 1981 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண ஆரைச்சிறையுடன் அதை ஒப்பிடுக.

விடைகள்

1) (அ) 99.99. குறையும் 0.01% இற்குரிய கோணம் 0.036° மாத்திரமே. ஆகவே அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

(ஆ) பௌத்தர் 252.36°, இந்துக்கள் 45.288°, இசுலாமியர் 34.776°, கிறித்தவர் 27.432°, ஏனையோர் 0.108°.

(இ) 252 + 45 + 35 + 27 + 0 = 359. ஒரு பாகை குறைவு. கீழ்நோக்கி மட்டந்தட்டப்பட்டவற்றின் குறைவுகள்: பௌத்தர் 0.36, இந்துக்கள் 0.288, கிறித்தவர் 0.432, ஏனையோர் 0.108. மிகக் கூடிய குறைவு கிறித்தவருக்கு. ஆகவே அதை 28° ஆக்குக. 252 + 45 + 35 + 28 = 360.

(ஈ) 0.1° ஐப் பாகைமானியால் குறிக்க முடியாது. 5 cm ஆரையுள்ள வட்டத்தில் அது பென்சில் கோட்டிலும் மெல்லியது. ஆகவே வரைபின் கீழே "ஏனையோர் 0.03%; வரைபில் காட்டப்படவில்லை" எனக் குறிப்பு எழுதவேண்டும். வேண்டுமென்றே 1° ஆக உயர்த்தி வரையக்கூடாது. அது உண்மையான பங்கிலும் ஒன்பது மடங்குக்கு மேற்பட்டதாகிவிடும்.

2) 198° + 39° = 237°. 1981 இல் அதே நிலப்பரப்பிற்குரிய கோணம் 270°. ஆகவே அதன் பங்கு குறைந்துள்ளது. மொத்தங்கள் தெரிந்திருப்பதால் எண்ணிக்கையும் 830,552 இலிருந்து 697,392 ஆக, அதாவது 133,160 ஆல் குறைந்தது எனலாம். கிளிநொச்சியைச் சேர்க்காமல் 270° ஐ 198° உடன் ஒப்பிடுவது தவறு. இரண்டும் ஒரே நிலப்பரப்பைக் குறிப்பவை அல்ல.